மணிக்கணக்கா, மாதக்கணக்கா? டீசல் ஜெனரேட்டரின் ஆயில் குறித்து

டீசல் ஜெனரேட்டரோடு வரும் கையேட்டில் ஆயில் மாற்றுவதைப் பற்றிய வரி ஒன்று உண்டு. "250 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முன்னால் வருகிறதோ அது" என்ற வாய்பாட்டில் அது இருக்கும். சில இன்ஜின்களுக்கு 250-க்குப் பதில் 500 என்றும், சிலவற்றுக்கு 12 மாதத்துக்குப் பதில் 6 மாதம் என்றும் போட்டிருப்பார்கள். எண் எதுவானாலும் படிப்பவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மீட்டரில் மணி ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது; மாதம் ஓடுவது தெரிவதில்லை. ஆண்டு முழுக்க 40 மணி நேரம் ஓடும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டருக்கு மீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றினால் 250 மணி வர ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். தினமும் பத்து மணி நேரம் ஓடும் ஜெனரேட்டருக்கு அதே 250 மணி இருபத்தைந்தே நாளில் வந்துவிடும். இரண்டும் ஒரே மாடல், ஒரே ஆயிலாக இருக்கலாம். ஆனால் அவற்றில் ஆயில் கெடும் விதம் வேறு. ஆகவே எத்தனை மணி என்று கேட்பதற்கு முன்னால், ஆயில் எதனால் கெடுகிறது என்று கேட்க வேண்டும்.

உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 8528 ஜெனரேட்டர்களை ஓடும் முறையை வைத்துப் பிரிக்கிறது. அவசரக் காத்திருப்புக்கு என்று மதிப்பிடப்பட்ட செட் ஆண்டுக்கு 200 மணிக்கு மேல் ஓடக் கூடாது. அப்போதும் சராசரி லோடு 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரைம் மதிப்பீட்டுக்கு மணி வரம்பு இல்லை, ஆனால் லோடு ஏறி இறங்கலாம், சராசரி 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தொடர் ஓட்டம் என்றால் மாறாத லோடில் வரம்பின்றி ஓடுவது. செட்டின் பெயர்ப்பலகையில் இந்த மதிப்பீடு இருக்கும். ஆனால் பெயர்ப்பலகை சொல்வது ஒன்று, செட் செய்யும் வேலை வேறொன்று என்பது நம் ஊரில் சாதாரணம். தமிழ்நாட்டில் 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, காத்திருப்புக்கு என்று வாங்கிய செட்டுகள் கோவையிலும் திருப்பூரிலும் தொழிற்கூடங்களின் முதன்மை மின்சாரமாகவே மாறின. வேலை மாறியது, ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றும் பராமரிப்பு ஒப்பந்தம் பல இடங்களில் மாறவில்லை. மின்வெட்டு தீர்ந்த பிறகு இதன் மறுபக்கம் வந்தது. ஓடாமல் நிற்கும் செட்டுக்கு, மணி ஆகவில்லை என்று ஆயிலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

முதலில் கிரேடு. காத்திருப்புக்கு ஒன்று, தொடர் ஓட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனி கிரேடு வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலான செட்டுகளுக்கு வேண்டியதில்லை. இரண்டுக்கும் 15டபிள்யூ-40 போதும். அதிலுள்ள 40 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்கும் என்று சொல்கிறது. பழைய ஒற்றை கிரேடான எஸ்.ஏ.இ. 40 ஆயிலுக்கும் சூட்டில் இதே எல்லைதான். வேறுபாடு குளிர்ந்த நிலையில் தெரியும். வழக்கமான 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் சுமார் 110 சென்டிஸ்டோக் இருக்கும். ஒற்றை கிரேடு 40 சுமார் 145 இருக்கும்.

சென்னையில் பனியா கொட்டுகிறது, குளிர்நிலை எண்ணுக்கு என்ன வேலை என்று மெக்கானிக்குகள் சிலர் கேட்பார்கள். தொடர்ந்து ஓடும் செட்டுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான்: நாளுக்கு ஒரு முறை ஸ்டார்ட் ஆகும், பிறகு மணிக்கணக்கில் சூட்டிலேயே இருக்கும். காத்திருப்பு செட்டின் கதை வேறு. இரண்டு வாரம் அசையாமல் நின்ற இன்ஜின், மின்சாரம் போனதும் தானாக ஸ்டார்ட் ஆகி, சில விநாடிகளில் லிஃப்ட், பம்ப் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்க வேண்டும். நின்ற நாட்களில் பேரிங்கிலிருந்தும் டர்போவிலிருந்தும் ஆயில் வடிந்து சம்ப்புக்கு இறங்கியிருக்கும். அது மேலே ஏறிச் சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரமும் தேய்மானம்தான். அந்தச் சில விநாடிகளில் இலகுவாக ஓடும் ஆயில் வேண்டும். ஆகவே ஊட்டி, கொடைக்கானலில் மட்டுமில்லை, சமவெளியிலும் காத்திருப்பு செட்டுக்கு ஒற்றை கிரேடு ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

தடிமனைக் கூட்டும் பழக்கம் இதைவிட ஆபத்தானது. ஆயில் பிரஷர் குறைகிறது என்றால் 20டபிள்யூ-50 ஊற்றுவது பட்டறை வைத்தியம். மீட்டர் முள் ஏறும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பிரஷர் ஏன் குறைந்தது? ஆயிலில் டீசல் கலந்து நீர்த்திருக்கலாம்; பேரிங் தேய்ந்திருக்கலாம்; ஃபில்டர் அடைத்திருக்கலாம். தடித்த ஆயில் இந்தக் காரணங்களை மறைத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகும் விநாடிகளில் தேய்மானத்தைக் கூட்டிவிடுகிறது.

கிரேடுக்கு அடுத்து ஏ.பி.ஐ. வகுப்பு. இன்ஜின் எந்தக் காலத்தது என்பதைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டின்னில் சிஹெச்-4, சிஐ-4, சிகே-4 என்றெல்லாம் இருக்கும். முதலாவது 1998-இல் வந்தது, இரண்டாவது 2002-இல், மூன்றாவது 2016 இறுதியில். பழைய இன்ஜினுக்குப் பிந்தைய வகுப்பை ஊற்றலாம். புதிய இன்ஜினுக்கு முந்தைய வகுப்பை ஊற்றக் கூடாது. இந்தியாவில் 2023 ஜூலை 1 முதல் 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்காம் கட்ட விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்தவற்றில் எக்ஸாஸ்ட்டில் கரி வடிகட்டி பொருத்திய இன்ஜின்களும் உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைவான சிகே-4 போன்ற ஆயில் வேண்டும். ஆயில் சிறிதளவு எரியும்போது அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் சாம்பலாகி வடிகட்டியில் தங்கும். கரியை எரித்து நீக்கலாம், சாம்பலை அப்படி நீக்க முடியாது. பழைய வகுப்பு டின் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால், மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு வடிகட்டியில் போய்விடும்.

மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது? டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும். அதை முறிக்க ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மம் கலந்திருக்கும். அந்தக் காரம் தீர்ந்தால் அமிலம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். நம் டீசலில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சதவீதம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. 2020 ஏப்ரல் முதல் அது 10 பங்குதான். 250 மணி என்ற எண் கந்தகம் மிகுந்த காலத்திலேயே பழக்கத்துக்கு வந்துவிட்டது. எரிபொருள் மாறிய பிறகும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது வீண் என்று சொல்பவர்களின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. தொடர்ந்து ஓடும் செட்டுக்கு, நல்ல ஆயிலும் பெரிய ஃபில்டரும் இருந்தால், இன்ஜின் தயாரித்தவரே 500 மணி தருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கந்தகம் போனாலும் கரி போகவில்லை. சூட்டில் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து புளிப்பதும் நிற்கவில்லை. சம்ப்பின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தப் புளிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் கைக்கணக்கு. காற்றோட்டம் சரியில்லாத கூண்டுக்குள் மே மாத மதியத்தில் முழு லோடில் ஓடும் செட்டுக்கு இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 125 கே.வி.ஏ. செட் இரண்டு. முழு லோடு 100 கிலோவாட், சம்ப் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம் மின் இணைப்புப் போதாத ஓர் இறால் பண்ணையில் இருக்கிறது. இரவில் குளத்து நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றூட்டிகளுக்காகத் தினம் பத்து மணி நேரம், 70 கிலோவாட் லோடில் ஓடுகிறது. மற்றொன்று சென்னைக் குடியிருப்பில் ஆண்டுக்கு 40 மணி நேரம், 20 கிலோவாட் லோடில் ஓடுகிறது.

பண்ணை செட் மணிக்குச் சுமார் 20 லிட்டர் டீசல் குடிக்கும். 250 மணியில் 5,000 லிட்டர். குடியிருப்பு செட் மணிக்குச் சுமார் 8 லிட்டர், 250 மணிக்கு 2,000 லிட்டர். ஆயிலின் சுமை எரிந்த டீசலைப் பொறுத்தது என்று மட்டும் பார்த்தால், குடியிருப்பு செட்டுக்கு 600 மணி கூடக் கொடுக்கலாம் என்று தோன்றும். இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட்டில் போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். பண்ணை செட்டின் ஆயில் 90 டிகிரிக்கு மேல் சூடாகவே இருப்பதால் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓடி நிற்கும் குடியிருப்பு செட்டில் ஆயில் சூடேறுவதற்குள் மின்சாரம் வந்துவிடும். உள்ளே வந்த ஈரம் உள்ளேயே தங்கும். போதாததற்குச் சென்னையின் கடற்காற்று. இரவில் இன்ஜின் குளிரும்போது உள்ளே நுழையும் காற்றிலிருந்தும் நீர் படியும்.

டீசல் கலப்பும் அப்படித்தான். குறைந்த லோடில் சிலிண்டர் போதிய சூடு பிடிக்காது, தெளிக்கப்பட்ட டீசல் முழுதாக எரியாது. எரியாதது சுவரில் படிந்து ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். சூடான சம்ப்பில் அதன் ஒரு பகுதி ஆவியாகும்; குளிர்ந்த சம்ப்பில் சேர்ந்துகொண்டே போகும். 14.5 சென்டிஸ்டோக் இருந்த ஆயில் சில சதவீத டீசல் கலப்பிலேயே 12.5-க்குக் கீழே இறங்கலாம். அப்போது டின்னில் 40 என்று இருந்தாலும் சம்ப்பில் இருப்பது 30 கிரேடு. ஆக, 40 மணி ஓடிய குடியிருப்பு ஆயில், 200 மணி ஓடிய பண்ணை ஆயிலைவிட மோசமாக இருக்க முடியும். மீட்டர் இதைக் காட்டாது.

டிப்ஸ்டிக் காட்டும். தொடர் ஓட்டத்தில் ஆயில் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. ஓடாத செட்டில் மட்டம் ஏறினால் டீசலோ கூலன்ட்டோ உள்ளே வருகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை தூக்கினால் ஐயம் வேண்டாம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெளுப்புப் படிந்திருந்தால் அது அங்கே குளிர்ந்த நீராவியாக இருக்கலாம். ஆயிலே வெளுத்திருந்தால் கூலன்ட் கசிவைத் தேட வேண்டும். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் நீருள்ள ஆயில் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியை அள்ளித் தன்னுள் மிதக்க வைப்பதுதான் அதன் வேலை. "ஆயில் கறுப்பாகிவிட்டது, மாற்றுங்கள் சார்" என்பதும், "இன்னும் பளிச்சென்று இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்" என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

குடியிருப்பு செட்டுக்கு என் தீர்ப்பு இது: மணியை மறந்துவிடலாம், ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கையேடு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் ஊற்றி அதை மூன்று ஆண்டுக்கு நீட்டுவது பலன் தராது. சிந்தெடிக் ஆயில் புளிப்பைத் தாங்கும். தண்ணீரையும் டீசலையும் அதனால் வெளியே தள்ள முடியாது.

ஆயில் மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தருவது ஓட்டிப் பார்க்கும் முறை. வாரம் ஒரு முறை பத்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது பல இடங்களில் வாட்ச்மேனின் வேலை. பேட்டரிக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆயிலுக்கு அது ஆண்டுக்கு 52 முறை ஈரமும் டீசலும் சேர்க்கும் ஏற்பாடு. அமெரிக்காவின் தீப்பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 110, மாதம் ஒரு முறை 30 நிமிடம், மதிப்பீட்டில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடில் ஓட்டச் சொல்கிறது. நம் செட்டுக்கு அது 30 கிலோவாட். இரண்டு லிஃப்ட், தண்ணீர் பம்ப், பொது விளக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் எட்டலாம். எட்டாவிட்டால் ஆண்டுக்கு ஒரு நாள் லோடு பேங்க் வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால், ஓட்டும் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் நீளமாக்குவது நல்லது.

பண்ணை செட்டுக்கு வருவோம். ஒரு அறுவடைக்கு 120 நாள் என்றால் 1,200 மணி. கையேட்டின்படி 250 மணிக்கு ஒரு முறை என்றால் 25 நாளுக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். அதை நீட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் எவ்வளவு மிச்சம்? டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 250 மணியின் எரிபொருளுக்கு 4 லட்சத்து 60 ஆயிரம். ஆயில் லிட்டர் 300 ரூபாய் என்று வைத்து, ஃபில்டரும் சேர்த்தால் 6,000 ரூபாய்க்குச் சற்று மேலே. எரிபொருள் செலவில் ஒன்றரை சதவீதம் கூட இல்லை. இதில் பாதியை மிச்சம் பிடிக்க இன்ஜினைப் பணயம் வைப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியமில்லை.

நீட்டுவதென்றால் ஒரு வழிதான் உண்டு, ஆயில் சோதனை. 250 மணியில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பாகுநிலை 12.5-க்கும் 16.3-க்கும் இடையில் இருக்கிறதா, காரத்தன்மை புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதா, இரும்புத் துகள் முந்தைய அறிக்கையைவிட ஏறுகிறதா என்ற மூன்றைப் பார்த்தால் போதும். மூன்றும் சரியாக இருந்தால் அடுத்த முறை 300, அதற்கடுத்து 350 என்று படிப்படியாகப் போகலாம். உத்தரவாதக் காலத்தில் மட்டும் கையேட்டைத் தாண்டக் கூடாது. இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தோம் என்பதையும் குறித்திருக்க வேண்டும். அடிக்கடி புது ஆயில் சேர்த்தால் அறிக்கை அழகாக வரும். ஆனால் ஆயிலைக் குடிக்கும் இன்ஜினின் ரிங் அறிக்கை சொல்வதைவிடத் தேய்ந்திருக்கும்.

மாற்றும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஆயிலை வடித்தால் கரியும் நீரும் அடியிலேயே தங்கிவிடும். லோடில் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி, கையைச் சுட்டுக்கொள்ளாமல், சூட்டோடு வடிக்க வேண்டும். புது ஆயில் ஊற்றி ஓட்டி நிறுத்திய பிறகு ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து மட்டம் பார்க்க வேண்டும். வடிந்த அளவையும் ஊற்றிய அளவையும் எழுதி வைத்தால், சம்ப்புக்குள் வேண்டாத திரவம் வந்ததா என்பது அடுத்த முறை தெரிந்துவிடும். புது இன்ஜினாக இருந்தால் முதல் மாற்றம் கையேடு சொல்லும் குறுகிய கணக்கில், பலவற்றில் 50 மணியில், வரும்; புது உலோகம் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் துகள்களை எடுப்பதற்கு அது.

இறுதியாக, ஒரே செட் ஒரே இரவில் காத்திருப்பிலிருந்து தொடர் ஓட்டத்துக்கு மாறும் நேரம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அப்படி மூன்று வாரம் இரவும் பகலும் ஓடினால் 504 மணி. ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்திருந்த செட்டுக்கு, 250 மணிக் கணக்கில், அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே இரண்டு மாற்றம் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கடையும் திறந்திருக்காது, மெக்கானிக்கும் வர மாட்டார். கடலோர மாவட்டங்களில் காத்திருப்பு செட்டின் ஆண்டு மாற்றத்தைச் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். புயல் வரும்போது முழு 250 மணியும் கையில் இருக்கும். ஜெனரேட்டர் அறையில் அதே கிரேடு, அதே வகுப்பு ஆயில் இரண்டு மாற்றத்துக்கு 30 லிட்டரும், டாப்-அப்புக்கு 5 லிட்டரும், இரண்டு ஆயில் ஃபில்டரும், வடிக்கும் தொட்டியும் இருக்க வேண்டும். ஓட்டம் தொடங்கிய நேரத்து மீட்டர் எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதி, நாளுக்கு ஒரு முறை நிறுத்தி மட்டம் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டலாம். புயல் ஓய்ந்து செட் திரும்பவும் நிற்கப் போகும்போது, கடைசி மாற்றத்துக்குப் பின் நூறு மணிக்கு மேல் ஓடியிருந்தால், மீதி மணிக்காகக் காத்திராமல் அந்த ஆயிலையும் வடித்துவிட வேண்டும். அமிலம் ஏறிய ஆயில் அடுத்த பத்து மாதம் பேரிங்கில் ஊறிக்கொண்டிருக்கக் கூடாது.